நான் கர்ப்பமாயிருந்த மூன்று விடியற்காலைகள்

பிரசவ லீவு பற்றிய விதி மிகத் தெளிவானது. உத்தியோகத்தர் வைத்திய அத்தாட்சியை இணைத்து, திணைக்களத் தலைவர் மூலமாக, முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அது ஆண்களுக்குப் பொருந்தாது என்று அந்த விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. எழுதியவர்களுக்கு அப்படி ஒரு வரி தேவைப்படும் என்று தோன்றவில்லை. 1957ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் எனக்குத் தோன்றியது.

அப்போது ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காடு வெட்டிக் குடியேற்றம் தொடங்கிய ஒரு குளத்தடியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். வயது முப்பத்தெட்டு. கந்தோருக்குப் பின்னால் விடுதி. விடுதியில் நானும் மனைவியும். எந்தக் கடிதம் எந்தப் பைலில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அதில் எனக்குப் பெருமை. வேறு எதிலும் பெருமைப்பட அந்தக் காட்டில் வழியும் இல்லை.

முதல் கனவு ஒரு விடியப்புறம் வந்தது. நான் கந்தோரில் என் கதிரையில் இருக்கிறேன். மேசை லாச்சியை இழுக்க முடியவில்லை; என் வயிறு இடிக்கிறது. குனிந்து பார்த்தேன். நிறைமாதம் இல்லை; ஐந்தாறு மாதம் இருக்கும். வேட்டியை உயர்த்தி, வயிற்றுக்கு மேலாகக் கட்டியிருந்தேன். அதைவிட விசித்திரம், கந்தோரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குடியேற்றவாசிகள் வழமைபோல் வந்து நின்று தண்ணீர் திறக்கும் திகதி கேட்டார்கள். நானும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு இருந்த ஒரே கவலை லீவு விதி பற்றியது. விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனேன், பக்கம் வரவில்லை. பிறகு விழித்துவிட்டேன். இரண்டு கையும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி இருந்தன. வயிறு தட்டையாக இருந்தது. அந்தத் தட்டை வயிற்றைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்தது. அப்படி அழுததை இன்றுவரை நான் மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொன்னதில்லை.

இராச்சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு தின்றதுதான் காரணம் என்று அன்றைக்கே பைலை மூடினேன்.

இரண்டு மாதம் கழித்து, வைகாசியில், திரும்ப வந்தது. இந்த முறை மேசையும் இல்லை, விதியும் இல்லை. குளக்கட்டில் நடக்கிறேன். உள்ளே ஏதோ புரண்டது. கையில் பிடித்த மீன் வழுக்கி விலகுவதுபோல் ஒரு அசைவு, பிறகு விலாவுக்குக் கீழே ஒரு மெல்லிய உதை. நான் நின்றுவிட்டேன். திரும்ப அசையுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றேன். வாழ்க்கையில் எதற்காகவும் நான் அப்படிக் காத்து நின்றதில்லை. விழித்த பிறகும் அந்த உதை விழுந்த இடம் குறுகுறுத்தது. அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கு தின்னவில்லை.

மூன்றாவது கனவு ஆனி மாதத்தில். வலி கண்டுவிட்டது. பிள்ளை வரப்போகிறது, கையில் ஒரு துணிகூட இல்லை. பிள்ளையைச் சுற்ற ஏதாவது வேண்டுமென்று லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுக்கிறேன். எல்லாவற்றிலும் பைல்கள். அலுமாரியைத் திறந்தால் அதிலும் பைல்கள். ஒரு பைல் கட்டிய நாடாவை அவிழ்த்து அதையாவது எடுப்போமா என்று நின்றபோது விழித்தேன். உடம்பு வியர்த்திருந்தது. பக்கத்தில் மனைவி விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"என்ன, கனவு கண்டனிங்களோ?"

"ஒண்டுமில்லை. நீர் படும்."

கனவை அவளிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டும் அல்ல.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை அவள் வயிற்றில் பிள்ளை உண்டானது; இரண்டு முறையும் தங்கவில்லை. முதல் முறை மூன்றாம் மாதம். இரண்டாம் முறை ஐந்தாம் மாதம், இரத்தம் நிற்காமல், மரம் ஏற்றும் லொறியில் போட்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் பிழைத்தாள். டாக்குத்தர் என்னை வெளியே கூப்பிட்டு, இன்னொரு முறை உண்டானால் தாயைக் காப்பாற்ற முடியும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அதற்குப் பிறகு நாங்கள் பிள்ளை என்ற சொல்லையே வீட்டில் எடுப்பதில்லை.

என் தாய்வழிப் பெண்கள் ஒரு கதை சொல்லுவார்கள். மனைவி உண்டாகியிருந்தால், அவள் அறியுமுன்பே புருஷனுக்குக் கனவில் வயிறு காணுமாம். இதைச் சிறுவயதில் கேட்டுச் சிரித்தவன் நான். லண்டன் மற்றிக்குலேஷன் சித்தியடைந்தவன். அந்த ஆனி மாதக் காலையில், முகம் கழுவும்போது, அந்தக் கதை என் கழுத்தைப் பிடித்தது. முதல் கனவில் ஐந்து மாதம், பிறகு அசைவு, இப்போது வலி. அவள் கொஞ்ச நாளாகச் சோர்ந்தும் இருந்தாள். அவளிடம் கேட்கப் பயம். கேட்டு, அவள் ஓம் என்று சொல்லிவிட்டால்?

தலையிடிக்குக் குளிசை வாங்கவேண்டுமென்று அரைநாள் லீவு எழுதிவைத்துவிட்டுத் தண்ணீரூற்று என்ற ஊருக்கு பஸ் ஏறினேன். அங்கே பிரசவம் பார்க்கும் ஒரு மருத்துவமாது இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த கிறிஸ்தவ வேதக்காரர். என் மனைவியின் இரண்டாவது இழப்பில் லொறியில் கூடவே வந்து, அவளது கால்களைத் தன் மடியில் தூக்கிவைத்துக்கொண்டு வவுனியாவரை இருந்தவர். அவருக்குத்தான் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் போனபோது அவருடைய கணவரும் வீட்டில் இருந்தார். முற்றத்து நிழலில் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கோ கிளாக்கர் தம்பி. மனிசிக்குச் சுகமில்லையோ?" என்றார் மருத்துவமாது. முகம் உடனே மாறிவிட்டது.

"அவவுக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான்."

"உங்களுக்கு என்ன?"

நான் வலை பொத்துகிறவரைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. ஒரு கடிதத்தின் பொருளை வாசிப்பதுபோல் நேரே சொன்னேன்: "நான் பிள்ளைத்தாய்ச்சியா இருக்கிறதாக் கனவு காணுறன். மூண்டு தரம்."

மருத்துவமாது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். சிரிப்பு தலைப்புக்கு மேலால் வந்தது. "மாதாவே! எத்தினை மாசம்?"

நான் எழும்பிவிட்டேன்.

"இருங்கோ, இருங்கோ. கோவிக்காதேங்கோ. இதைச் சொல்ல வந்த முதல் ஆம்பிளை நீங்களில்லை. அந்தா இருக்கிறார் பாருங்கோ, முதல் ஆள்."

வலை பொத்துகிறவரின் காது சிவந்தது. "இவவுக்கு வாய் நிக்காது. ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. இப்ப கவுண்மேந்துக்கும் சொல்லுறா," என்றார்.

"சொன்னால் என்ன? தம்பிக்கு ஆறுதலா இருக்கும். சொல்லுங்கோவன்."

அவர் ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். இருபது வருடம், வலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் கரைவலையில் கூலிக்கு இழுத்தவர். ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் அடுத்தடுத்துக் கனவு: வயிறு பெருத்துக் குனிந்து கயிறு பிடிக்க முடியவில்லை, மற்றவர்கள் இழுக்கிறார்கள், இவர் மணலில் கால் நீட்டி இருக்கிறார், ஒருவரும் ஏசவில்லை. "விழிச்சால் ஒரு கவலை. என்னவோ என்னட்ட இருந்து எடுத்துப்போட்ட மாதிரி. உங்களுக்கும் அப்பிடியோ?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"அப்ப இவ வயித்திலயும் ஒண்டுமில்லை. கடைசிப் பிள்ளைக்கே பதினாலு வயசு. நான் மட்டும் சுமந்துகொண்டு திரிஞ்சன். பிறகு பார்த்தால், அந்த நாளிலதான் நான் சம்மாட்டியை விட்டிட்டு ஒரு சொந்த வள்ளம் கட்டவேணும் எண்டு மனசுக்குள்ள யோசிச்சது. ஆருக்கும் சொல்லேல்லை. எனக்கே வடிவாத் தெரியாது. வள்ளத்துக்கு மரம் அரிஞ்ச நாளில இருந்து கனவு வரேல்லை."

"பிள்ளை பெத்தமாதிரித்தான் வள்ளத்தைத் தடவிக்கொண்டு நிண்டவர்," என்றார் மருத்துவமாது. "என்னை ஒருநாளும் அப்பிடித் தடவேல்லை."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னோடு கதைத்தார். அவர் சொன்ன அளவுக்கு எந்த அதிகாரியும் எனக்கு எந்த விஷயத்தையும் விளங்கவைத்ததில்லை. முப்பது வருடமாகப் பெண்களின் பக்கத்தில் இருந்து கனவு கேட்டவர். உண்மையாக வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் பெரும்பாலும் காண்பது வேறு கனவுகளாம்: வெள்ளம், மீன், குட்டி போட்ட ஆடு, பிள்ளையைச் சந்தையில் மறந்துவிட்டு வீட்டுக்கு வருவது. வயிற்றில் இல்லாமல் வயிறு காண்கிறவர்கள் இன்னொரு வகை. கல்யாணம் நிச்சயமான பெண், முதல் வேலைக்குப் போகிறவள், ஊர் மாறப்போகிறவள், புருஷன் செத்து ஒரு வருடம் கழித்துத் தன் காலில் நிற்கத் தொடங்கியவள். சிலருக்கு அது ஆசை. சிலருக்குப் பயம். பிள்ளையை இழந்தவர்களுக்கு அது துக்கமாகவும் இருக்கும். போன பிள்ளை திரும்ப வந்து வயிற்றில் இருந்துவிட்டுப் போகும்.

"எல்லாத்துக்கும் அர்த்தம் தேடக்கூடாது தம்பி. ஒருத்தி மூண்டு மாசம் இந்தக் கனவு கண்டு, வாழ்க்கை மாறப்போகுது எண்டு நேர்த்தியும் வச்சாள். பூச்சிமருந்து குடுத்தன். கனவும் போட்டுது, பூச்சியும் போட்டுது."

"அப்ப எப்பிடித் தெரியிறது?"

"கனவுக்குள்ள உங்களுக்கு என்ன மனநிலை? அதைக் கேக்கவேணும். பயமோ, வெட்கமோ, சந்தோஷமோ?"

நான் யோசித்தேன். "அது என்னை விட்டுப் போகக்கூடாது எண்டு இருந்தது."

மருத்துவமாது தலையாட்டினார். "அப்ப ஏதோ ஒண்டு வளருது. நீங்கள் அதைப் பார்க்கேல்லை. சரி, இப்ப வந்த அலுவலைச் சொல்லுங்கோ. பயந்து வந்திருக்கிறியள்."

டாக்குத்தர் சொன்னதையும் என் வீட்டுப் பெண்களின் கதையையும் சொன்னேன்.

"மனிசிக்கு நாள் தள்ளிப்போச்சோ?"

"தெரியாது."

"தெரியாதோ? ஆரின்ர காணியில எத்தினை பரப்பில நெல்லு விதைச்சிருக்கு எண்டு தெரியும். பெண்சாதியின்ர நாள் தெரியாதோ?" அவருக்கு உண்மையாகவே கோபம். "கனவை வச்சுப் பிள்ளை பிடிக்கேலாது. நாள் தள்ளியிருந்தால் இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் பார்க்கிறன், ஆஸ்பத்திரிக்கும் போவம். இல்லையெண்டால் இல்லை. கேக்காமல் பஸ் ஏறி இஞ்ச வந்து நிக்கிறியள். போங்கோ. வீட்ட போய்க் கேளுங்கோ. என்ன கனவு எண்டதையும் மறைக்காமல் சொல்லுங்கோ."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஏதோ ஒன்றை அடக்கிக்கொள்வது தெரிந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் அதை நினைத்தேன்.

நான் விடுதிக்கு வந்தபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். பின்பக்கம் ஒரே அமைதி. அந்த அமைதி என் கட்டளையால் ஏற்பட்டது. இங்கே அதைச் சொல்லவேண்டும். விடுதிக் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் அந்தப் பக்கத்தில் குடிக்க நல்லது. குடியேறியவர்களின் பிள்ளைகள் குடமும் வாளியுமாக வருவார்கள். கிட்டிய பள்ளிக்கூடம் ஐந்து மைல், வழி யானைக் காடு. ஆகவே பள்ளிக்குப் போகிற பிள்ளையே இல்லை. என் மனைவி கலாசாலையில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். கல்யாணத்தோடு வேலையை விட்டவள். தண்ணீருக்கு வந்தவர்களைக் கிணற்றடி மணலில் இருத்தி விரலால் எழுதப் பழக்கினாள். முதலில் மூன்று பேர். பிறகு பன்னிரண்டு. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கந்தோர் யன்னலால் அவர்கள் பாடமாக்கும் சத்தம் நாள் முழுக்க வரும். அரசாங்க விடுதியைக் குடியிருப்புக்கு அன்றி வேறு எதற்கும் பாவிக்கக்கூடாது என்ற விதியை அவளுக்கு எடுத்துச் சொல்லி, இனி நடத்தவேண்டாம் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். அவள் பிள்ளைகளைத் தண்ணீரோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். நான் நிலத்தில் இருப்பதைக் கண்டே அவள் பயந்துவிட்டாள்.

"இஞ்ச பாரும். உமக்கு நாள் தள்ளிப்போச்சோ?"

சுளகு நின்றது. எட்டு வருடத்தில் நான் கேட்காத கேள்வி. "இல்லை. போன கிழமைதான் தலை முழுகினனான். ஏன்?"

சுவரில் சாய்ந்துகொண்டு மூன்று கனவையும் சொன்னேன். லாச்சி, குளக்கட்டு, பைல் நாடா, எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. சுளகை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எனக்கும் வருது," என்றாள்.

"என்ன வருது?"

"அதே கனவுதான். வயிறு இருக்கும். வலி இல்லை, இரத்தம் இல்லை. கனபேர் சுத்தி நிப்பினம், எனக்கு ஆக்களைத் தெரியாது. நான் என்ன செய்யப்போறன் எண்டு பார்த்துக்கொண்டு நிப்பினம். முந்தி உண்மையா இருந்த ரெண்டு தரமும் இப்பிடி வரேல்லை. அப்ப கிணத்துக்குள்ள விழுறதும், ஆத்து வெள்ளமும்தான். இது வேற."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் பயந்து அப்பவே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பியள். மருத்துவமாதுவுக்கு மட்டும் சொன்னனான்." பிறகு கேட்டாள்: "நீங்கள் கண்டது எப்ப எப்ப?"

திகதி கேட்டால் நான் டயறி எடுக்கிறவன். மழை அளவு எழுதும் டயறியில் முதல் கனவுக்கு ஒரு சிறிய புள்ளி போட்டிருந்தேன். மற்ற இரண்டுக்கும் அப்படியே. அவள் எட்டிப் பார்த்தாள். முதல் புள்ளி இருந்த கிழமைதான் மூன்று பிள்ளைகளைக் கிணற்றடியில் முதன்முதல் இருத்தினாள். இரண்டாவது புள்ளி, அவர்கள் பன்னிரண்டு பேராகி, அவளுக்குத் தெரியாத தாய்மார் வேலிக்கு அப்பால் வந்து நின்று பார்க்கத் தொடங்கிய கிழமை. மூன்றாவது, நான் நிறுத்தச் சொன்ன இரவு கழிந்த விடியற்காலை.

நாங்கள் இரண்டு பேரும் அந்த டயறியையே பார்த்துக்கொண்டு இருந்தோம். நாள் முழுக்கக் காதில் விழுந்த பிள்ளைகளின் சத்தம் உறக்கத்தில் வயிறாக மாறியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் அப்போதே என் புத்தியில் எழும்பி நின்றது. நின்றதே தவிர, என் வியப்பை அது ஒரு இம்மியும் நகர்த்தவில்லை. வேண்டாம் என்று கட்டளையிட்டவன் நான். அதே நேரத்தில் அதைச் சுமந்துகொண்டு திரிந்தவனும் நானே. பிள்ளை வரும் நேரத்தில் சுற்றத் துணி இல்லாமல் லாச்சி லாச்சியாகத் தேடியவனும் நானே.

"அப்ப உது எங்கட ரெண்டு பேரின்ரையும்தான்," என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள். போன இரண்டுக்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நானும் அழுதேன். எட்டு வருடத்தில் ஒன்றாக அழுதது அன்றுதான். இரண்டு பேரும் முகம் கழுவிய பிறகு அவள் கேட்டாள்: "உங்கட விதியில, பள்ளிக்கூடம் துவங்கவும் ஒரு விதி இருக்கும்தானே?"

இருந்தது. எனக்கு அது மனப்பாடம்.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினேன். கிட்டிய பாடசாலைக்குரிய தூரத்தை சைக்கிள் சக்கரத்தின் சுற்றை எண்ணி அளந்தேன். ஊர்த் தலைமை விதானையாரிடம் அத்தாட்சி, பெற்றோரின் கைநாட்டு, பிள்ளைகளின் பெயர் வயதுப் பட்டியல், நிலத்தின் வரைபடம், மனைவியின் பயிற்சிச் சான்றிதழின் பிரதி. குடியேறியவர்கள் விடுதிக்கு வெளியே, பொதுக் காணியில், காட்டுத்தடி நாட்டி, கிடுகு வேய்ந்து ஒரு கொட்டில் போட்டார்கள். விடுதி விதி மீறப்படவில்லை என்பதில் நான் கவனமாக இருந்தேன். ஆவணி மாதம் விண்ணப்பம் மூன்று பிரதிகளில் பதிவுத் தபாலில் போனது. அதே மாதம் எனக்குக் கொழும்புக்குப் பதவி உயர்வோடு மாற்றம் வந்தது. வேண்டாம் என்று எழுதினேன். காரணம் எழுதவேண்டிய இடத்தில் "குடும்ப நிலைமை" என்று எழுதினேன். அரசாங்கத்துக்கு நான் எழுதிய கடிதங்களில் அவ்வளவு உண்மையானது வேறில்லை.

அந்த வருடக் கடைசி வெள்ளத்தில் கொட்டில் அள்ளுண்டு போனது. திரும்பக் கட்டினோம். அடுத்த வருடம் இனக்கலவரத்தில் நாடு குழம்பியது. கடிதங்கள் எங்கே தேங்கின என்று ஒருவருக்கும் தெரியாது. ஏழு நினைவூட்டல்கள் அனுப்பினேன். பதில் இல்லாமலே அவள் படிப்பித்தாள். நாற்பது பிள்ளைகள் எழுத வாசிக்கப் பழகினார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கனவு பிறகு வரவேயில்லை.

மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. எனக்குத் தெரியாமல் எனக்குள் ஒன்று வளர முடியும் என்பதையும், அதை அறியத் தைரியமாக ஒரு கேள்வி கேட்டால் போதும் என்பதையும் நினைக்கும்போதெல்லாம், விதி எல்லாம் தெரிந்த இந்த மனிதனுக்கு இன்றும் வாயடைத்துப் போகிறது. பாடசாலையை ஏற்றுக்கொண்டதாகவும் அவளை அதன் ஆசிரியையாக நியமித்ததாகவும் நாலே வரியில் அந்தப் பதில் வந்தது 1959ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இருபத்திரண்டாம் திகதி, வியாழக்கிழமை.